தரை துடைப்பவளுக்கு மாஸ்க் இல்லை

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு மாஸ்க்கம்மா என்று பெயர். முகத்தை மூடிக்கொண்டு வருகிறவள் என்பதால் வந்த பெயர் அல்ல. படத்தில் நகரும் உருவங்களைச் சுற்றிக் கோடு இழுத்து, இது ஆள், இது சுவர், இது கதவு என்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அப்படிப் பிரித்தெடுத்த வடிவத்துக்குத்தான் அங்கே மாஸ்க் என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒருவருடைய காதையோ கை விரலையோ சுற்றிக்கொண்டிருப்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரிப்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் கறக்க முடியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா இறந்த வருஷம் அது. அதற்கப்புறம் அவளை வளர்த்தது அக்காதான். அக்கா சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவள். கல்யாண வீட்டுக் கூட்டம், மார்க்கெட் கூட்டம், இழவு வீட்டுக் கூட்டம் என்று எங்கே ஆள் வேண்டுமோ அங்கே ஏஜெண்ட் கூப்பிட்டு நிற்க வைப்பார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றும் அக்காவின் முதுகைப் பார்த்த அளவுக்கு முகத்தை எந்தப் படமும் பார்த்ததில்லை. ஒரு மேக்கப்காரரிடம் நச்சரித்துத் தங்கையை இந்த ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டதும் அக்காதான். அதைச் சொல்லிக்காட்டாத நாளும் கிடையாது.

"உனக்கு வாய் இல்ல. எனக்கு ரெண்டு பேர் வாயும் சேர்ந்து வந்திடுச்சு. அதனாலதான் நீ ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கே, நான் வெயில்ல காயறேன்" என்பாள்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு நாள் வசனம் கிடைத்தது. ஒரே ஒரு வசனம். ஆஸ்பத்திரிக் கூடத்தில் தரை துடைக்கும் பெண்ணாக வேஷம். உள்ளே அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, கதாநாயகி வெளியே கால் கடுக்க நிற்கிறாள். தரை துடைப்பவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா. நின்னா மட்டும் சேதி சீக்கிரம் வந்திடுமா?" என்கிறாள். கதாநாயகி உட்காரவில்லை. அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் ஓடுகிறாள். தரை துடைப்பவள் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அக்கா அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டைரக்டர் கட் சொல்லவே மறந்துட்டாருடி. நான் பார்க்கறேன், பார்க்கறேன், பார்த்துக்கிட்டே இருக்கேன். கேமராக்காரரு கண்ணைத் துடைக்கிறாரு."

"தூசியா இருக்கும்" என்றாள் மாஸ்க்கம்மா மெதுவாக.

"வாயைத் திறந்தா இதைத்தான் சொல்லுவியா? அதுக்கு ஊமையாவே இரு."

பிறகு டப்பிங் சமயத்தில் அக்காவைக் கூப்பிடவில்லை. குரல் கரகரப்பாக இருக்கிறது என்று வேறொரு பெண்ணை வைத்துப் பேசவைத்துவிட்டார்கள். அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் எழுந்து முகம் கழுவிக் கண்ணாடி முன் நின்றாள்.

"குரல் போனா போகட்டும். மூஞ்சி என்னுதுதானே? அதை எவளை வெச்சு டப்பிங் பண்ணுவாங்க?" என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மாடி வீட்டம்மா, தண்ணீர் பிடிக்கிற இடம், தையல் கடை என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தாள், இந்தப் படத்தில் தன் முகம் வருகிறது என்று.

அந்தப் படம் மாஸ்க்கம்மாவின் ஸ்டூடியோவுக்குத்தான் வந்தது.

கதாநாயகி பழசை நினைத்துப் பார்க்கும் பகுதி முழுவதும் நீர்வண்ண ஓவியம்போல இருக்க வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. அவரே ஓர் ஓவியத்தைச் சட்டம் போட்டு எடுத்துவந்தார். மழையில் நனைந்த தெரு. சாம்பல் நீலமும் பழுப்பும் ஒன்றுக்குள் ஒன்று ஊறிப்போய், ஓரங்களில் நிறம் கெட்டியாகக் கட்டியிருந்தது. காகிதத்தின் சொரசொரப்புகூடத் தெரிந்தது.

"இந்த ஓவியர் வரைஞ்ச மாதிரியே என் ஆஸ்பத்திரி இருக்கணும்" என்றார்.

வேலையைப் பொறுப்பெடுத்தவரை ஸ்டூடியோவில் புரொபசர் என்பார்கள். எதையும் பாடம் எடுப்பதுபோலச் சொல்வதால் அந்தப் பெயர். அவர் ஓவியத்தைப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். உருவங்களைக் கேமராவில் பதிவான மூலக் காட்சியிலிருந்தும், நிறம் பரவும் விதத்தையும் தூரிகை ஓடும் விதத்தையும் ஓவியத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு படம் வரைந்து தருவதுதான் அந்த மென்பொருளின் வேலை. ஓவியத்தின் சாயல் எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு அளவுகோல் இருக்கும். கூட்டினால் எல்லாம் சாயமாகிவிடும். குறைத்தால் போட்டோவின் மேல் ஈரத்துணி போட்ட மாதிரி அரைகுறையாக நிற்கும்.

ஒரு படத்துக்கு இது சுலபம். ஓடும் காட்சிக்குத்தான் தலைவலி. ஒவ்வொரு பிரேமையும் அது தனித்தனியாக வரைவதால், ஓட்டிப் பார்த்தால் சாயமெல்லாம் உலை மாதிரிக் கொதிக்கும். அதை அடக்க, முந்தைய பிரேமில் வரைந்த சாயத்தையே ஆள் நகர்ந்த பக்கமாக இழுத்துப் போய் அடுத்த பிரேமில் ஒட்டவைப்பார்கள். ஒருவர் விலகி, பின்னால் மறைந்திருந்தது வெளியே வரும்போது மட்டும் பழைய சாயத்தை ஒட்டக்கூடாது. அந்த இடத்தைப் புதிதாக வரையச் சொல்ல வேண்டும். எந்த இடம் புதிதாகத் திறக்கிறது என்பதை மென்பொருளே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கூந்தல், கை, வேகமான ஓட்டம் என்று வந்தால் தடுமாறும். அங்கெல்லாம் மாஸ்க்கம்மா கையால் கோடு இழுத்துக் கொடுப்பாள்.

முகங்கள் இன்னொரு தொல்லை. தூரிகை வீச்சு எங்கேயும் ஒரே அளவுதான். சுவருக்கும் அதே வீச்சு, கண்ணுக்கும் அதே வீச்சு. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் முகம் தப்பிக்கும். நாலடி தள்ளி நிற்கிற முகத்தை ஒரு வீச்சு விழுங்கிவிடும். அதனால் முக்கியமான முகத்துக்கு மாஸ்க் போட்டு, அந்த இடத்தில் மட்டும் சாயலைக் குறைத்து, கண்ணும் வாயும் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

"மாஸ்க் ஹீரோயினுக்கு மட்டும்" என்றார் டைரக்டர். "மத்தவங்க கரையட்டும். ஞாபகத்துல கூட இருந்தவங்க மூஞ்சியெல்லாம் யாருக்கு நிக்குது? நமக்கு நம்ம மூஞ்சிதான் ஞாபகம் இருக்கும்."

அதில் அர்த்தம் இருக்கத்தான் செய்தது. மாஸ்க்கம்மாவுக்கே அது அழகாகப் பட்டது, ஆஸ்பத்திரிக் கூடத்துக் காட்சி திரையில் வரும்வரை.

முதல் தடவை ஓட்டியபோது கூடம் மழைத்தெரு மாதிரி மாறியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஊறி வழிந்தது. கதாநாயகி அதன் நடுவே கண்ணும் மூக்குமாகத் தெளிவாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வாளி. வாளிக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பம். துடைப்பத்துக்கு மேலே பழுப்பாக ஒரு திட்டு. திட்டு அசைந்தது. வேறொரு பெண்ணின் குரல் "உட்காரும்மா" என்றது.

மாஸ்க்கம்மா சாயம் ஏறாத மூலக் காட்சியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அக்கா பொய் சொல்லவில்லை. கதாநாயகி தாண்டிப் போனபிறகு, அக்காவின் முகத்தில் கண்கள் மட்டும் கொஞ்சம் இறங்கின. வேறெதுவும் செய்யவில்லை. வீட்டில் நாள் முழுக்க வாயடிக்கிற அந்த முகமா இது என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வந்திடுச்சாமே படம்! மேக்கப்காரர் சொன்னாரு. பார்த்தியா?"

"ம்."

"என்ன 'ம்'? மூஞ்சி எப்படி வந்திருக்கு? கன்னம் தொங்குதா?"

"இல்லக்கா. நல்லா வந்திருக்கு."

"கண்ணு?"

"கண்ணும்தான்."

"இதைச் சொல்றதுக்கு உன்கிட்ட நான் மனு போடணும்" என்று அக்கா அவள் தலையில் குட்டினாள். ஆனால் அன்று தோசைக்கு நெய் கொஞ்சம் அதிகமாகவே விட்டுச் சுட்டாள்.

மறுநாள் காலை முழுவதும் மாஸ்க்கம்மா ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். புரொபசர் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றபோது அது பாதிதான் வெளியே வந்தது.

"சார், அந்தத் தரை துடைக்கிறவங்களுக்கும் ஒரு மாஸ்க் போட்டுடட்டுமா?"

"ஏன்?"

"இல்ல... வசனம் இருக்கு. முகம் தெரிஞ்சா..."

"போஸ்டர்ல அவங்க பேர் இருக்கா, மாஸ்க்கம்மா?"

"இல்ல சார்."

"அப்ப வாளிக்கும் ஒண்ணு போட்டுடுங்க. பாவம், அதுவும் காலையில இருந்து நின்னுக்கிட்டு இருக்கு."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அன்று பூராவும் யாராவது எழுந்து போகும்போது, "வாளிக்கு மாஸ்க் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாஸ்க்கம்மாவுக்குக் கோபம் வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரும். ஆனால் அது வாய்க்கு வராது, கைக்குத்தான் வரும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனபிறகு அவள் அந்த ஷாட்டைத் திறந்தாள். அக்காவின் முகத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். தாடை, நெற்றி, காதோரம் தலைத்துணி இறங்கும் இடம். வீட்டில் முப்பது வருஷமாகப் பார்த்த முகம் என்பதால் கை தயங்கவில்லை. அந்த வட்டத்துக்குள் ஓவியச் சாயலைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினாள். முகம் கொதிக்காமல் இருக்கவேண்டுமே என்று, முந்தைய பிரேமின் சாயத்தைப் பிடித்துவைக்கும் அளவையும் கூட்டினாள். நான்கைந்து பிரேம்களைச் சோதித்துப் பார்த்தாள். சாம்பல் நீலத்துக்குள்ளிருந்து அக்காவின் கண்கள் மெல்ல எழுந்துவந்தன. யாராவது ஓவியர் உட்கார்ந்து அக்காவையே பார்த்துப் பார்த்து வரைந்தமாதிரி இருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதாநாயகி குறுக்கே ஓடும் இடத்தைப் பார்க்க நேரமில்லை. அப்படியே முழு ஷாட்டையும் ஓடவிட்டு, பழைய கோப்பின் இடத்தில் இதை வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

அங்கேதான் சறுக்கினாள். கதாநாயகி விலகும்போது எந்த இடம் புதிதாகத் திறக்கிறது என்று அவள் முன்பு கையால் போட்டுக் கொடுத்த கோடுகள் பழைய கணக்குக்குப் போட்டவை. அப்போது அக்கா வெறும் திட்டு. திட்டு எப்படி வந்தாலும் ஒன்றுதான் என்று அந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். இப்போது அங்கே ஒரு முகம் இருந்தது. அந்த முகத்துக்குப் புதிய கோடு போடவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

மறுநாள் டைரக்டர் வந்தார். இருட்டறையில் பெரிய திரை. டைரக்டர் நடு நாற்காலியில், புரொபசர் பக்கத்தில், ஸ்டூடியோ ஆட்கள் பின்வரிசையில். ஓரத்தில் ஷாட்டுகளை ஓட்டுவதற்கு மாஸ்க்கம்மா.

ஆஸ்பத்திரிக் கூடம் வந்தது. தரை துடைப்பவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் முகம் தெரிந்தது. டைரக்டர் முன்னால் சாய்ந்தார். கதாநாயகி குறுக்கே ஓடினாள். அவளுடைய கறுத்த பின்னல் அக்காவின் முகத்தைக் கடந்து போனது. ஆனால் சாயம் அவளோடு போகவில்லை. பின்னலின் கறுப்பு அக்காவின் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. தடித்த, முறுக்கிய, ஒரு பக்கம் மேலே ஏறிய மீசை. மேலே அந்தக் கண்கள் மட்டும் சோகமாக இறங்கின.

அறையே சிரிப்பில் வெடித்தது.

"நிறுத்து, நிறுத்து! திரும்பப் போடு!" டைரக்டருக்குப் புரையேறியது.

மாஸ்க்கம்மா திரும்பப் போட்டாள்.

"இன்னொரு தடவை. அந்த மீசை முளைக்கிற இடத்துல மெதுவா போம்மா."

மெதுவாகப் போனாள். பிரேம் பிரேமாக மீசை முளைத்தது.

"போலீஸ்காரன் தரை துடைக்க வந்துட்டான்!" என்றது பின்வரிசை.

"அப்பன் உள்ள படுத்திருக்கான், வெளியில இவன் வாளியைத் திருட வந்திருக்கான்."

"மூஞ்சியைப் பாரு, அதுக்கு மீசைதான் பொருந்துது. அந்தம்மா வீட்டுல கண்ணாடியே கிடையாது போல!"

புரொபசர் மட்டும் சிரிக்காமல் அவள் பக்கம் திரும்பினார். "இந்த முகத்துக்கு யாரு மாஸ்க் போட்டது?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாஸ்க் போடுவது அங்கே ஒருத்திதான்.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, விடுங்க. நல்லா சிரிச்சாச்சு" என்றார். பிறகு மீசை போனபின் வரும் பிரேமில் நிறுத்தச் சொன்னார். அதில் அக்கா சுத்தமாக இருந்தாள். டைரக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்தார்.

"பிரமாதமா பார்க்குதுய்யா இந்தம்மா. ஷூட்டிங்லயே தெரிஞ்சுது. அதான் பிரச்சினை. இந்த மூஞ்சி இங்க இருந்தா எவனும் ஹீரோயினைப் பார்க்க மாட்டான்." மாஸ்க்கம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, அக்கறையா மாஸ்க் போட்டிருக்கியே. உனக்குத் தெரிஞ்சவங்களா?"

பின்வரிசையில் இன்னும் யாரோ மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது சார்" என்றாள் மாஸ்க்கம்மா. அவள் வாயிலிருந்து அவ்வளவு வேகமாக எந்தச் சொல்லும் அதுவரை வந்ததில்லை.

"சரி, அப்ப கரைச்சிடு. இப்பவே, நான் பார்க்க."

அந்த மாஸ்க்குக்குள் சாயலைக் கூட்டும் அளவுகோல் அவள் கைக்குக் கீழேதான் இருந்தது. கொஞ்சம் ஏற்றினாள். கன்னத்தின் மடிப்புகள் போயின.

"இன்னும்."

புருவம் நெற்றியோடு சேர்ந்தது.

"இன்னும், இன்னும். பயப்படாதே."

மூக்கு போனது. வாய் ஒரு கோடாகி, கோடும் ஊறிப்போனது. கண்கள் கடைசிவரை இரண்டு கறுப்புப் புள்ளிகளாக நின்றன. அவள் கை நின்றது.

"அதையும்தான்."

ஏற்றினாள்.

"ஆங். அழகு" என்றார் டைரக்டர். "இப்பதான் ஓவியம்."

புரொபசர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மீசை பிரேமை மட்டும் அச்செடுத்து டீ வைக்கிற மேசைக்கு மேலே ஒட்டினார்கள். மாஸ்க்கம்மா தினமும் அதன் கீழே நின்று டீ குடித்தாள்.

படம் வெளியாகும் முன் வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஒரு தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். மாஸ்க்கம்மா தனக்கு வந்த அழைப்பை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, உதவி டைரக்டர் பெண் அக்காவுக்கு நேரே போன் பண்ணிக் கூப்பிட்டுவிட்டாள். ஷூட்டிங்கில் அக்காவோடு நல்ல பழக்கமாம்.

"கூட்டமா இருக்கும்க்கா. ரிலீஸ் ஆனப்புறம் நிம்மதியா பார்க்கலாமே."

"நீ ஏசி ரூம்ல என்னை ஓசியிலயே பார்த்துட்டே. நான் பார்க்க வேணாமா?" என்று அக்கா அலமாரியிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள். மாடி வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டாள்.

மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் அக்கா. ஆஸ்பத்திரிப் பகுதி தொடங்கியதும் தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது.

"அப்படியே வரைஞ்ச மாதிரி இருக்கே!" என்றாள் மாடி வீட்டம்மா. "எவ்வளவு அழகு!"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூடம் வந்தது. வாளி வந்தது. பழுப்புத் திட்டு நாற்காலியை இழுத்துப் போட்டது. வேறொருத்தியின் குரல் பேசியது. கதாநாயகி ஓடினாள். திட்டு அவள் போன பக்கம் மெல்லச் சாய்ந்தது. அடுத்த காட்சி வந்துவிட்டது.

அக்கா அசையவில்லை.

"நீ எப்ப வருவே?" என்று மாடி வீட்டம்மா காதோரம் கேட்டாள்.

"இனிமேதான்."

மாடி வீட்டம்மா படம் முடிகிறவரை காத்திருந்தாள். ஒவ்வொரு கூட்டமாக உற்று உற்றுத் தேடினாள். விளக்கு போட்டதும், "வெட்டிட்டாங்க போலிருக்கு. போனா போகுது விடு, மனசை விட்டுடாதே" என்றாள். அக்கா சிரித்துத் தலையாட்டினாள்.

வெளியே வரும் வழியில் கூட்டத்தில் ஒதுங்கியபோது அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள்.

"உன்கிட்ட வரும்போது என் மூஞ்சி இருந்துச்சுன்னு சொன்னியே?"

"ம்."

"அப்புறமா மேல யாரோ அழிச்சிட்டாங்க, இல்ல? உனக்கே தெரியாம."

மாஸ்க்கம்மா தலையாட்டினாள்.

"பாவி, உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். சொல்லக்கூட வாய் வராம சுத்திக்கிட்டிருந்திருக்கே" என்று அக்கா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். அப்படி அவள் தட்டிக் கொடுத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து உதவி டைரக்டர் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் பின்னால் புரொபசர், கையில் குளிர்பானத்தோடு.

"வந்துட்டீங்களா! சார், இவங்கதான், நான் சொன்னேனே. ஷூட்டிங்ல ஒரு நாள் பூரா தங்கச்சி புராணம்தான். 'என் தங்கச்சி பெரிய ஸ்டூடியோவுல இருக்கா, அவ தொடாம எந்தப் படமும் வெளிய போகாது'ன்னு. எங்க அந்தத் தங்கச்சி? காட்டுங்க."

அக்கா மாஸ்க்கம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இதோ. வாய்தான் இல்ல, மத்தபடி தங்கம்."

புரொபசர் குளிர்பானத்தை வாயிலிருந்து இறக்கினார். மாஸ்க்கம்மாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது.

"அட, மீசைக்காரம்மா! இவங்க உங்க அக்காவா?"

"மீசையா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா, அது ஒரு பெரிய தமாஷ்" என்று அவர் மாஸ்க்கம்மா பக்கம் திரும்பினார். "ஏன் மாஸ்க்கம்மா, அன்னைக்கு டைரக்டர் உங்களைத்தானே கேட்டாரு, தெரிஞ்சவங்களான்னு? தெரியாதுன்னு டக்குன்னு சொன்னீங்க. அப்புறம் நீங்கதானே உட்கார்ந்து அவங்க மூஞ்சியைக் கரைச்சீங்க? சொல்லியிருந்தா ஒரு கண்ணாவது மிச்சம் வெச்சிருக்கலாமே!"

அவர் உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் சொன்னார். உதவி டைரக்டர் பெண்ணும் என்ன ஏது என்று புரியாமல் சேர்ந்து சிரித்தாள். மாடி வீட்டம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு இப்போதுதான் அந்தப் பழுப்புத் திட்டு யாரென்று விளங்கியது.

தோளில் இருந்த கை எடுபட்டது. அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பதில் வருமா என்று காத்திருந்தாள். மாஸ்க்கம்மா தரையைப் பார்த்தாள், பிறகு புரொபசரின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

அக்கா புரொபசரிடம் திரும்பினாள். குரல் கணீரென்று, கொஞ்சமும் பிசிறில்லாமல் வந்தது.

"இவங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சார். எனக்கும் இவங்களைத் தெரியாது."

"அட, கோவிச்சுக்காதீங்கம்மா..."

"கோபமா? யார் மேல?" என்று அக்கா மாடி வீட்டம்மாவின் கையைப் பிடித்தாள். "வாங்க, பஸ் போயிடும்."

மாஸ்க்கம்மா நாலடி பின்னால் நடந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான், ஒரே நிறுத்தம்தான், ஒரே அறைதான். ஏறும்போது மாடி வீட்டம்மா அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அக்கா தன் பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

கண்டக்டர் வந்தார். எப்போதும் இரண்டு பேருக்கும் அக்காதான் டிக்கெட் எடுப்பாள்.

"ரெண்டு" என்று அக்கா மாடி வீட்டம்மாவையும் தன்னையும் காட்டினாள்.

கண்டக்டர் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "அவங்க உங்க கூட இல்லையா?"

மாடி வீட்டம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்க்கம்மா கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் பையைத் துழாவினாள். பஸ் குலுங்கியது. சில்லறை கைக்கு அகப்படவில்லை. "சீக்கிரம்மா, நிறைய பேர் இருக்காங்க" என்றார் கண்டக்டர்.